குழுவில் இனி யாரும் எழுத முடியாது

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதற்கென்றே பிறந்தவள் அவள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார் மேஜை அவளுடையது. உள்ளே இருப்பவர் கத்துவார், அழுவார், முதலாளியின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். இவள் அசர மாட்டாள். எத்தனை பேர் இருக்கிறீர்கள், கதவைப் பிடித்து இழுக்காதீர்கள், மெக்கானிக் கிளம்பிவிட்டார் என்று ஆரம்பித்து, மெக்கானிக் வருவதற்குள் அவருடைய முட்டி வலி, மருமகள் சண்டை எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்பாள். வெளியே வந்த பிறகும் போனை வைக்க மனசில்லாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆபீசில் அவளுக்குக் 'கன்ட்ரோல் ரூம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடு ஓர் 'அக்கா'வும் சேர்ந்து, பிறகு எங்கே போனாலும் அவளுக்கு அதுவே நிலைத்துவிட்டது.

அவள் இன்னொன்றுக்கும் கன்ட்ரோல் ரூம். பார்வையில்லாத மாணவர்களுக்குப் பரீட்சை எழுதித் தருகிற தன்னார்வலர் குழுவை அவள்தான் நடத்தினாள். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்வார், தன்னார்வலர் சொன்னதைச் சொன்னபடி தாளில் எழுதுவார். ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அந்தப் பாடத்தைப் படித்தவர்களும் எழுதக் கூடாது. மாணவருக்குத் தெரியாததை எழுதுகிறவர் சேர்த்துவிடுவாரோ என்று பரீட்சை நடத்துகிறவர்களுக்குப் பயம்.

குழு என்றால் ஒரு மின்னஞ்சல் முகவரி, அவ்வளவுதான். அதற்கு யார் எழுதினாலும் உறுப்பினர் எல்லாருக்கும் போகும். 'இந்தத் தேதியில், இந்தப் பாடத்துக்கு, இந்த இடத்தில் ஆள் வேண்டும்' என்று அவள் போடுவாள். யாராவது ஒருவர், 'நான் போகிறேன்' என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பதில் போடுவார். அதைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடியது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை.

நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேசாமல் இருப்பார்களா? காலை வணக்கம் வரும், பூங்கொத்துப் படம் வரும், யாருடைய பிறந்தநாளோ வரும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் பூனையின் படங்களைத் தவறாமல் அனுப்பியே 'பூனை சார்' என்று பட்டம் வாங்கியிருந்தார். ஓய்வுபெற்ற பேங்க் மாமா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாராட்டுரை எழுதுவார். கன்ட்ரோல் ரூம் அக்கா நிர்வாகி என்கிற முறையில் கண்டிக்க வேண்டியவள். அவளோ பூனையின் உடல்நலத்தை விசாரிப்பாள். உள்ளதைச் சொன்னால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அரட்டையைப் படிப்பதுதான் அவளுக்கு நாளின் சுகமான நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் பூட்டு ரிப்பேர் செய்து சாவி போட்டுத் தருகிறவர். பேச்சுக்கும் சேர்த்துப் பூட்டு போட்டுக்கொண்ட மனிதர்.

பூனை சாரின் பூனை நாலு குட்டி போட்டது. வந்தது வினை.

குட்டிகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் கேட்டுவிட்டார். குழுவே பொங்கி எழுந்தது. ஒரு பெயருக்கு ஆதரவு, இன்னொன்றுக்கு எதிர்ப்பு, இரண்டு பேருக்குள் மனக்கசப்புகூட வந்தது. அந்த அமளியின் நடுவே, சட்டம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஆள் வேண்டும் என்று அக்கா போட்ட கடிதம் எங்கோ அடியில் போய்விட்டது. பார்த்த சிலரும் இதற்குள் யாராவது ஒப்புக்கொண்டிருப்பார்கள், அந்தப் பதில் இந்தப் பூனைக் குவியலில்தான் எங்கேயோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்காவும் அப்படியே நினைத்தாள் என்பதுதான் கொடுமை.

அந்தப் பெண் பரீட்சை மண்டபத்துப் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மணி அடித்தது, கதவைச் சாத்தினார்கள். யாரும் வரவில்லை.

சாயங்காலம் அவள் எழுதிய கடிதம் அக்காவுக்கு வந்தது. கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. 'அடுத்த தடவை ஆள் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அக்கா, நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். மறுதேர்வு வைக்கிறார்கள். அதையும் விட்டால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும்' என்று மட்டும் இருந்தது. நாலு திட்டு திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். திட்டு வாங்கித்தானே சம்பளம் வாங்குகிறாள். இந்த மரியாதைதான் அவளை அறுத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்த கணவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குச் சுத்தம் செய்கிற வெறி வந்தால் பாதியில் நிற்காது. குழுவுக்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கினாள். அதையே நிர்வாகி ஆக்கினாள். சொந்த விஷயமும் பொது விஷயமும் இனி கலக்கக் கூடாது என்று, தன் பழைய முகவரியிலிருந்து நிர்வாகிப் பதவியைப் பிடுங்கிச் சாதாரண உறுப்பினராக இறக்கிவிட்டாள். தேவைகளை மட்டும் வரிசையாகப் போட ஒரு இணையப் பக்கம் திறந்தாள். பிறகு இந்தக் கடிதத்தை எழுதினாள்:

'அன்புள்ள நண்பர்களுக்கு, இன்று முதல் நம் குழு கட்டுப்படுத்தப்படுகிறது. நிர்வாகி மட்டுமே இதில் எழுத முடியும். உங்களை யாரும் நீக்கவில்லை. பழைய கடிதங்களை எப்போதும் போலப் படிக்கலாம். ஆள் தேவைப்படும் விவரங்கள் இனிமேல் கீழே உள்ள பக்கத்தில் மட்டும் வரும். தினமும் ஒரு முறை பாருங்கள். போக முடிந்தவர்கள் புதிய முகவரிக்கு எழுதுங்கள். தயவுசெய்து என் கைப்பேசியில் அழைக்க வேண்டாம், வேலை நேரத்தில் எடுக்க முடியாது. நேற்று ஒரு மாணவி நம்மை நம்பி வந்து, பரீட்சை எழுதாமல் திரும்பினார். அது நம் எல்லாருடைய தவறு. என்னுடையது முதலில்.'

கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்த அரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "பூட்டு நல்லாத்தான் போட்டிருக்கே. உள்ள இருக்கறவன் கூப்பிடணும்னா என்ன பண்ணுவான்?" என்று கேட்டார்.

"அதான் புது முகவரி கொடுத்திருக்கேனே."

"சரி" என்று அவர் எழுந்து போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அதுவே நீண்ட உரையாடல்.

கடிதத்தை அனுப்பிவிட்டு, குழுவின் அமைப்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்கலாம் என்று எழுந்தாள். டீ கொதிப்பதற்குள் பதில்கள் குவிந்தன. 'அருமையான முடிவு!', 'இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்', 'தேவையில்லாத கடிதங்களை நிறுத்தியதற்கு நன்றி' என்று ஆளாளுக்கு எல்லாருக்கும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேங்க் மாமா மூன்று பத்தியில் வாழ்த்தியிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, 'எழுத அனுமதி: நிர்வாகிகள் மட்டும்' என்று மாற்றி அழுத்தினாள். குழு கப்சிப் ஆனது.

அதற்குப் பிறகு எழுத முயன்றவர்களுக்கெல்லாம், 'இந்தக் குழுவுக்கு எழுத உங்களுக்கு அனுமதி இல்லை' என்று தானியங்கிப் பதில் திரும்பிப் போயிற்று. யாரும் ஒரு கடிதத்தை முழுசாகப் படிப்பதில்லையே. பாதிப் பேர் தங்களைத் தூக்கிவிட்டார்கள் என்றே முடிவு கட்டினார்கள். பேங்க் மாமா வேண்டாம் என்று சொன்ன கைப்பேசியிலேயே கூப்பிட்டு, எத்தனை மாணவர்களுக்கு எழுதியிருக்கிறேன், எனக்கு அனுமதி இல்லையா என்று கேட்டார். எல்லாருக்கும் அப்படித்தான் மாமா என்று அவள் எவ்வளவோ சொல்லியும், சரிம்மா, நீங்க நிர்வாகி, நாங்க யாரு என்று சொல்லி வைத்துவிட்டார். பூனை சாரிடமிருந்து சத்தமே இல்லை. அவளாகக் கூப்பிட்டுப் பேசவும் வாய் வரவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் கைப்பேசியைத் திறந்தால் ஒன்றும் இல்லை. நாலு குட்டிகளுக்கும் கடைசியில் என்னதான் பெயர் வைத்தார்கள் என்று தெரியாமலே போயிற்று. அவளுக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

மறுதேர்வுத் தேதி வந்ததும் இணையப் பக்கத்தில் முதல் வரியாக அதைப் போட்டாள். தேதி, இடம், சட்டத் தாள், சட்டம் படிக்காதவராக இருக்க வேண்டும். கடைசியில் தடித்த எழுத்தில் 'ஆள் தேவை'. அன்று ராத்திரியே புதிய முகவரிக்கு ஒரு நர்ஸ் எழுதினாள், நான் போகிறேன் அக்கா என்று. அக்கா அவள் பெயரைத் தேர்வு அலுவலகத்தில் பதிந்து, மாணவிக்கும் தகவல் சொல்லி, அப்பாடா என்று கம்ப்யூட்டரை மூடினாள்.

இணையப் பக்கத்தில் இருந்த 'ஆள் தேவை'யை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பழைய முறையில் அதை யாரும் எடுத்ததே கிடையாதே! ஒருவர் 'நான் போகிறேன்' என்று எல்லாருக்கும் போட்டாலே கதை முடிந்தது. இத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்தது அந்தப் பதில்கள்தான். அவற்றைப் பூட்டியபோது அந்த வேலையையும் சேர்த்துப் பூட்டியது அவளுக்குத் தெரியாது. காரியம் முடிந்துவிட்டதே என்று புதிய முகவரியையும் அவள் திறந்து பார்க்கவில்லை.

பரீட்சை நாள் காலையில் ஆபீஸ் மேஜை டிராயரில் கைப்பையை வைக்கும்போது கைப்பேசி அடித்தது. நர்ஸ். குழந்தைக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், என்னை மன்னிச்சிடுங்கக்கா என்று அழுதாள். குழந்தையைப் பாரும்மா, இதை நான் பார்த்துக்கிறேன் என்று அக்கா தைரியமாகச் சொல்லி வைத்தாள்.

சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டி பிடித்தாள். போகிற வழியிலேயே கைப்பேசியில் குழுவுக்கு எழுதினாள்: 'அவசரம். சட்டத் தேர்வுக்கு உடனே ஆள் வேண்டும். என்னைக் கூப்பிடுங்கள்.' அனுப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது.

'இந்தக் குழுவுக்கு எழுத உங்களுக்கு அனுமதி இல்லை.'

கைப்பேசியில் இருந்தது அவளுடைய பழைய முகவரி. அந்த முகவரியைச் சாதாரண உறுப்பினராக இறக்கியவள் அவளேதான். நிர்வாகியின் முகவரியும் கடவுச்சொல்லும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. தான் போட்ட பூட்டுக்கு வெளியே தானே நிற்கிறோம் என்று புரிந்தபோது, வண்டியில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

பேங்க் மாமாவைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூனை சார், அதுவும் அணைப்பு. இன்னொருவர் எடுக்கவில்லை. கோபம், எல்லாருக்கும் கோபம் என்று அவள் மனசு சொல்லிற்று. நியாயம்தானே, வாயை மூடு என்று சொல்லிவிட்டு இப்போது பேசு என்றால் யார் பேசுவார்கள்? சரி, நாமே எழுதிவிடுவோம் என்று அடையாள அட்டையைத் தேடினாள். அது ஆபீஸ் மேஜை டிராயரில், கைப்பையோடு சேர்த்து வைத்தபடியே இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் மறுபடியும் அதே படியில் தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். என்ன சொல்லி அவள் முன்னால் போய் நிற்பது?

மண்டபத்து வாசலில் வண்டி நின்றது. அங்கே சின்னக் கூட்டம் ஒன்று ஏதோ வாக்குவாதத்தில் இருந்தது. நடுவே பேங்க் மாமாவின் வழுக்கைத் தலை.

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றது ஒரு குரல்.

"முதல்ல வந்தா? நான் நேத்தே மெயில் போட்டேன்."

"நானும்தான் போட்டேன். யாருக்கு பதில் வந்துச்சு?"

அக்கா இறங்கியதும் எல்லாரும் ஒரே சமயத்தில் அவளிடம் திரும்பினார்கள். இணையப் பக்கத்தில் இன்று காலை வரை 'ஆள் தேவை' என்றே இருந்ததாம். புதிய முகவரிக்கு எழுதினால் பதில் இல்லையாம். குழுவில் கேட்கலாம் என்றால் அனுமதி இல்லை, கைப்பேசியில் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு. போன தடவை நடந்தது இந்தத் தடவையும் நடந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் கிளம்பி வந்துவிட்டார்கள். பரீட்சை வாசல் என்பதால் ஒழுங்காகக் கைப்பேசியையும் அணைத்திருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, எட்டுப் பேர். தெருவுக்கு ஒரு ஆள் அனுப்பிய மாதிரி நின்றார்கள். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

படியில் அந்தச் சட்டப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் மடித்த வெள்ளைக் கோல். முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பி, "கன்ட்ரோல் ரூம் அக்காவா? இங்க ஏன் இவ்வளவு சத்தம்?" என்று கேட்டாள்.

"உனக்கு எழுத வந்திருக்காங்கம்மா."

"யாரு?"

"எல்லாரும்."

அந்தப் பெண் கோலைக் கை மாற்றிப் பிடித்தபடி, "பேப்பர் பத்தாதேக்கா" என்றாள்.

தேர்வு அலுவலர் வெளியே வந்தார். பதிந்திருந்தவர் வராவிட்டால் கடைசி நேரத்தில் ஆளை மாற்றலாம், அடையாள அட்டை வேண்டும், சட்டம் படித்திருக்கக் கூடாது என்றார். பேங்க் மாமா ஜம்பமாக முன்னால் போய், அந்தக் காலத்தில் மாலைக் கல்லூரியில் சட்டம் முடித்ததை அவராகவே ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். ஒருவர் அட்டை கொண்டுவரவில்லை. இன்னொருவர் கையில் கட்டு. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில், கூட்டத்தின் ஓரத்தில் இதுவரை வாயே திறக்காமல் நின்ற பூனை சார் முன்னால் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"நான் போறேன். பள்ளிக்கூடத்தோட நின்னவன், சட்டமெல்லாம் தெரியாது. அன்னிக்கு உங்க லெட்டரை அமுக்கினது என்னோட பூனைதான்" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"உங்க பூனைமேல எனக்குக் கோபம் இல்ல சார். நானும் குழுவுலதான் இருக்கேன், என் போன் உங்க மெயிலையும் வாசிச்சுக் காட்டும். வேகமா எழுதுவீங்களா?"

"நீங்க சொல்ற வேகத்துக்கு எழுதுவேன்."

இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

மிச்சம் ஏழு பேரும் அக்காவும் வெளியே நின்றார்கள். வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். யாரும் கிளம்பவில்லை. எதிரே மரத்தடியில் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. அதில் உட்காருவதும் எழுந்து நிற்பதுமாக, குழுவில் அடக்கி வைத்த அத்தனை நாள் பேச்சையும் அவிழ்த்துவிட்டார்கள். பேங்க் மாமா அக்காவிடம் முகம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அவராகவே டீ வாங்கி வந்து நீட்டினார். அக்கா கூச்சப்படாமல் மன்னிப்புக் கேட்டாள். மாமா, அதெல்லாம் எதுக்கும்மா என்று சொல்லிவிட்டு, குட்டிகளின் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பெயர் இன்னும் வைக்கவே இல்லையோ என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது.

அங்கேயே ஒரு முடிவும் ஆயிற்று. தேவைக் குழு பூட்டியபடியே இருக்கட்டும், அரட்டைக்குத் தனியாக ஒரு குழு வைத்துக்கொள்வோம் என்றார்கள். யாராவது ஒப்புக்கொண்ட நிமிஷமே இணையப் பக்கத்தில் 'ஆள் கிடைத்துவிட்டது' என்று மாற்றும் பொறுப்பை பேங்க் மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். நிர்வாகி இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அக்கா கணவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

பார்வையில்லாதவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மற்ற மாணவர்கள் எல்லாரும் போன பிறகும் அவர்கள் இருவரும் வெளியே வரவில்லை. பெஞ்சுக்காரர்களுக்குப் பேச்சு வற்றிவிட்டது. கடைசியில் பூனை சார் விரல்களை உதறிக்கொண்டே வந்தார், பக்கத்தில் அவர் முழங்கையைப் பிடித்தபடி அந்தப் பெண். எல்லாக் கேள்விக்கும் எழுதியாச்சு என்று அவர் கண்ணாலேயே சொன்னார். எல்லாரும் என்ன பேசுவது என்று தெரியாமல் சும்மா நின்றார்கள்.

அந்த அமைதியில் அவள் கோலைத் தரையில் தட்டி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார்கள் எல்லாரும், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து. இங்கதான் இருக்கோம் என்றது ஒரு குரல், எங்க போகப் போறோம் என்றது இன்னொன்று.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அக்கா படியேறிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு இதே படியில ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்க்கா" என்றாள் அவள். "யாரோ ஒருத்தர் நடந்து வர்ற சத்தம் கேட்டாப் போதும்னு இருந்துச்சு."

அக்கா கையை விடாமல் அவளோடு படியிறங்கினாள். கீழே அவளை வீட்டில் கொண்டுபோய் விடுவது யார் என்று அடுத்த வாக்குவாதம் ஆரம்பமாகியிருந்தது.